நடுவரிசையில் விரல் வைப்பது: டைப்பிங் பழகும் குழந்தைக்கு முதல் பாடங்கள்

டைப்பிங் டியூட்டரைத் திறந்து குழந்தையை உட்கார வைத்தால் அது முதலில் கேட்கும் எழுத்து பெரும்பாலும் F, அடுத்தது J. குழந்தை வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே இரண்டையும் டக் டக்கென்று தட்டிவிடும். டியூட்டர் பச்சை காட்டி அடுத்த பாடத்தைத் திறந்துவிடும். எந்த விரல் தட்டியது என்பது டியூட்டருக்குத் தெரியாது. எந்த விசை அழுந்தியது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அதனால்தான் பாடங்களை வரிசையாக முடித்த குழந்தைகள்கூட இரண்டு விரலில் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். முதல் இரண்டு மூன்று வாரம் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்து விரலைக் கவனிக்க வேண்டும். அதோடு, திரையில் விழும் தவறுகளைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். எந்தக் கை, எந்த விரல் இடம் மாறியது என்பதைத் தவறே சொல்லிவிடும்.

உட்காரும் இடம்

கீபோர்டு இருக்கும் உயரத்தில் குழந்தையின் முழங்கை இருக்க வேண்டும். பெரியவர்களுக்கான மேசை குழந்தைக்கு உயரம். தோளைத் தூக்கிக்கொண்டு டைப் செய்தால் மேசை உயரம் என்று அர்த்தம். நாற்காலியில் ஒரு தடித்த மெத்தையைப் போட்டு ஆளை உயர்த்துங்கள். உயர்த்தியதும் கால் தொங்கும், அதற்கு ஒரு பெட்டியைக் காலடியில் வையுங்கள். கால் தொங்கினால் குழந்தை சறுக்கிச் சறுக்கி முன்னால் வந்து, கடைசியில் மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றிக்கொள்ளும். ஊன்றிய கையில் விரல் நகரும், கை நகராது. சுண்டு விரல் எட்டாமல் போவது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கீபோர்டின் பின்பக்கம் இரண்டு மடக்குக் கால்கள் இருந்தால் மடக்கியே வையுங்கள். அவற்றை நிமிர்த்தினால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும்.

இன்னொன்று பலரும் கவனிக்காதது. எண் பகுதி உள்ள பெரிய கீபோர்டில் எழுத்துகள் இருப்பது இடது பக்கமாக ஒதுங்கி. முழுக் கீபோர்டையும் குழந்தைக்கு நேராக வைத்தால் எழுத்துப் பகுதி இடதுபுறம் போய்விடும், இரண்டு கையும் அந்தப் பக்கம் சாயும். G, H இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி குழந்தையின் மூக்குக்கு நேராக வரும்படி கீபோர்டை வலது பக்கம் நகர்த்தி வையுங்கள்.

விரல் வைப்பது

இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொல்வதுதான் நல்லது. F விசையிலும் J விசையிலும் அடிப்பகுதியில் சின்ன மேடு ஒன்று இருக்கும், சிலவற்றில் கோடாக, சிலவற்றில் புள்ளியாக. குழந்தை கண்ணை மூடி, இரண்டு ஆள்காட்டி விரலையும் கீபோர்டின் மேல் மெதுவாகத் தடவிக்கொண்டு போய் அந்த மேட்டைக் கண்டுபிடிக்கட்டும். இடது ஆள்காட்டி F மேல், வலது ஆள்காட்டி J மேல். மற்ற விரல்களை அதன் பிறகு வரிசையாக இறக்கினால் போதும். இடது கையில் நடு விரல் D, மோதிர விரல் S, சுண்டு விரல் A. வலது கையில் நடு விரல் K, மோதிர விரல் L, சுண்டு விரல் அரைப்புள்ளி விசை. நடுவில் G, H இரண்டும் காலியாக இருக்கும். கட்டை விரல் இரண்டும் ஸ்பேஸ் பாரின் மேல், தொட்டும் தொடாமலும்.

சுண்டு விரலிலிருந்து தொடங்காதீர்கள். A-யைப் பார்த்துக் கையை வைக்கப் பழகிய குழந்தைக்கு ஒவ்வொரு முறையும் கீழே பார்த்தாக வேண்டும், ஏனென்றால் A-வில் தடவிக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை.

விரல்கள் வளைந்திருக்க வேண்டும். உள்ளங்கைக்குள் ஒரு எலுமிச்சம்பழம் இருப்பதுபோல நினைத்துக்கொள்ளச் சொன்னால் குழந்தைக்குப் புரிந்துவிடும். விரல் நுனி விசையின் நடுவில் பட வேண்டும், நகம் அல்ல. நகம் நீளமாக இருந்தால் விரல் தானாக நீண்டுவிடும், முதலில் வெட்டிவிடுங்கள்.

இப்படி வைத்த பிறகு ஒரு சின்னச் சோதனை. கண்ணை மூடி பத்து வரை எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும் எட்டு விரலும் அதே எட்டு விசையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சாதாரணக் கீபோர்டில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடுவுக்குச் சுமார் 19 மி.மீ. அதாவது A-யிலிருந்து F வரை கிட்டத்தட்ட 57 மி.மீ. சின்னக் கை அந்த அகலத்துக்கு விரிந்தபடி இருக்க முடியாவிட்டால், சுண்டு விரல் A-யிலிருந்து மெல்ல நழுவி S பக்கம் வந்திருக்கும். அப்படி ஆனால் குழந்தையைத் திட்ட ஒன்றும் இல்லை, கை இன்னும் வளர வேண்டும். அதுவரை ஆள்காட்டி விரல்களை மட்டும் F, J-யில் கண்டிப்பாக வைத்துக்கொண்டு, சுண்டு விரல் தேவைப்படும்போது மட்டும் நீண்டு A-யைத் தொட்டுத் திரும்பட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு விரலை விரித்து வைத்திருப்பதைவிட இது மேல்.

தட்டுவது எப்படி

விசையை அழுத்தக் கூடாது, தட்ட வேண்டும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குழந்தைக்குக் காட்ட நோட்பேடைத் திறந்து F விசையை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். முதலில் ஒரு f வரும், சிறிது இடைவெளி விட்டு fffffff என்று ஓடும். பாடத்தின்போது இதே நடந்தால் டியூட்டர் அத்தனையையும் தவறாக எண்ணிவிடும். குழந்தை, "நான் ஒரு தடவைதானே அமுக்கினேன்!" என்று அழும். அதில் நியாயமும் இருக்கிறது. கணினியின் கீபோர்டு அமைப்புகளில் எழுத்து மீண்டும் வரத் தொடங்குவதற்கான தாமதத்தைக் கூட்டி வைத்துவிட்டால் ஆரம்ப நாட்களில் இந்தத் தொல்லை குறையும்.

ஒரு விரல் தட்டும்போது மற்ற ஏழும் விசையின் மேல் இலேசாகப் படிந்திருக்க வேண்டும். சுண்டு விரல் தேநீர்க் கோப்பை பிடிப்பதுபோல மேலே தூக்கிக்கொண்டு நிற்பதைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். அதை ஒவ்வொரு முறையும் சொல்லித் திருத்தப் போனால் பாடம் நகராது. ஒரு வரி முடிந்ததும் "சுண்டு விரல் வீட்டுக்குப் போச்சா?" என்று ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு விடுங்கள்.

ஸ்பேஸ் பாருக்கு எந்தக் கட்டை விரல் என்று பெரிய விவாதமே நடக்கும். குழந்தைக்கு எது இயல்பாக வருகிறதோ அது. ஆனால் ஒன்றையே வைத்துக்கொள்ளட்டும், இன்னொன்று சும்மா இருக்கட்டும்.

எந்த வரிசையில் எழுத்துகள்

பெரும்பாலான டியூட்டர்கள் ஜோடி ஜோடியாக, உள்ளிருந்து வெளியே போகும். F J, பிறகு D K, பிறகு S L, பிறகு A-யும் அரைப்புள்ளியும். உங்கள் டியூட்டர் எட்டையும் ஒரே பாடத்தில் கொட்டினால், நோட்பேடில் நீங்களே வரி அடித்துக் கொடுத்துவிடலாம். முதல் நாளுக்கு இது போதும்:

```
fff jjj fjf jfj ffj jjf
```

ஒவ்வொரு எழுத்தையும் தட்டும்போது குழந்தை வாயால் சொல்லட்டும். சொல்லும் வேகத்துக்கு மேல் கை ஓடாது, இந்தக் கட்டத்தில் வேண்டியதும் அதுதான். ஒரு நாளைக்குப் பத்து முதல் பதினைந்து நிமிடம் போதும். அதற்குப் பிறகு விரல் தளர்ந்து, மணிக்கட்டு மேசையில் விழுந்து, தவறான பழக்கம்தான் படியும்.

ஒரு ஜோடி பழகியதா என்று பார்க்க, புதிய ஜோடியைப் பழையதோடு கலந்து இருபது எழுத்துச் சேர்க்கை அடிக்கச் சொல்லுங்கள். இருபதுக்கு ஒன்றுக்கு மேல் தவறு வந்தால் அடுத்த ஜோடி வேண்டாம். டியூட்டர் காட்டும் நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற கணக்கை முடிந்தால் மறைத்துவிடுங்கள். ஐந்து எழுத்தை ஒரு சொல்லாக வைத்துத்தான் அந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள். fff jjj அடிக்கும் குழந்தைக்கு அதில் பொருள் எதுவும் இல்லை. ஆனால் அந்த எண் திரையில் ஏறுவதைப் பார்த்துவிட்டால் வேகத்துக்காக விரலை விட்டுவிடும், பழைய இரண்டு விரலுக்குத் திரும்பிவிடும்.

எட்டும் வந்த பிறகு G, H. இவற்றுக்குத் தனி விரல் கிடையாது. இடது ஆள்காட்டி F-லிருந்து வலப்பக்கம் நகர்ந்து G-யைத் தட்டிவிட்டு F-க்குத் திரும்பும். வலது ஆள்காட்டி J-யிலிருந்து இடப்பக்கம் நகர்ந்து H-ஐத் தட்டிவிட்டு J-க்குத் திரும்பும். G-யைத் தனியாக அடிக்கச் சொல்லாதீர்கள், fgf என்றும் jhj என்றும் போய்வரும் பாதையாகவே அடிக்கச் சொல்லுங்கள். போவதை எல்லாக் குழந்தையும் செய்யும், திரும்பி வருவதுதான் பாடம். திரும்பவில்லையென்றால் கை முழுவதும் ஒரு விசை நகர்ந்துவிடும். அது எப்படித் தெரியும் என்பதுதான் அடுத்தது.

தவறுகளைப் படிப்பது

பல டியூட்டர்கள் தவறான விசையில் நின்றுவிடும், சரியானதைத் தட்டும்வரை நகராது. அதனால் என்ன அடித்தது என்ற தடயம் நமக்குக் கிடைப்பதில்லை. வாரம் ஒரு நாள் நோட்பேடில், பின்னழிப்பு விசையைத் தொடாமல், கீழே பார்க்காமல் ஒரு வரி அடிக்கச் சொல்லுங்கள். நடுவரிசை எழுத்துகளால் மட்டுமே ஆன சொற்கள் இவை:

```
sad lad ask dad all fall
```

குழந்தை அடித்தது இப்படி வந்திருக்கிறது என்று வையுங்கள்:

```
sad ;ad asl dad a;; fa;;
```

தவறு நிறைய என்று தோன்றும். ஆனால் இடது கை எழுத்துகள் s, a, d, f எல்லாம் சரி. வலது கையில் l வர வேண்டிய இடத்தில் எல்லாம் அரைப்புள்ளி, k வர வேண்டிய இடத்தில் l. அதாவது வலது கை ஒரு விசை வலப்பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, ஆள்காட்டி விரல் J-யில் இல்லாமல் K-யில் இருக்கிறது. விரல்கள் தத்தம் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கின்றன. எனவே இந்தக் குழந்தைக்கு மீண்டும் L பாடம் கொடுப்பது வீண். கையைத் தூக்கி, மேட்டைத் தடவிக் கண்டுபிடித்து வைக்கும் பழக்கம்தான் வேண்டும். கையை மடியில் வைத்து, கண்ணை மூடி, F J தேடி வைப்பதை ஒரு நாளைக்குப் பத்து முறை செய்தால் சில நாளில் சரியாகிவிடும்.

இடது கை வலப்பக்கம் நகர்ந்திருந்தால் அதே வரி இப்படி வரும்:

```
dsf lsf sdk fsf sll gsll
```

இடது கை இடப்பக்கம் நகர்ந்தால்தான் வேடிக்கை. A-க்கு இடப்பக்கம் இருப்பது கேப்ஸ் லாக். சுண்டு விரல் A என்று நினைத்து அதைத் தட்டினால் a விழாது, அதன் பிறகு பெரிய எழுத்தாக வரும், அடுத்த முறை தட்டினால் அது போய்விடும்:

```
aS Ls AK Ss LL Dll
```

இப்படி ஒரு வரியைப் பார்த்தால் குழந்தை விளையாடுகிறது என்று நினைக்க வேண்டாம், கை ஒரு விசை தள்ளியிருக்கிறது. கேப்ஸ் லாக் இன்னொரு விதத்திலும் படுத்தும். சுண்டு விரல் ஒரே ஒரு முறை நழுவி அதைத் தட்டிவிட்டால், அதன் பிறகு சரியான விசையைத் தட்டினாலும் டியூட்டர் தவறென்று சிவப்பு காட்டும். நன்றாக அடித்துக்கொண்டிருந்த குழந்தைக்குத் திடீரென்று எல்லாமே தவறாகப் போனால் முதலில் கேப்ஸ் லாக் விளக்கைப் பாருங்கள். அது அணைந்திருந்தால், உள்ளீட்டு மொழி தமிழுக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

இனி வேறு வகைத் தவறு:

```
sad sad asd dad all fall
```

lad என்பதற்கு sad, ask என்பதற்கு asd. கை நகரவில்லை, all, fall இரண்டிலும் l சரியாக வந்திருக்கிறதே. l தட்ட வேண்டிய வலது மோதிர விரலுக்குப் பதில் இடது மோதிர விரல் தட்டியிருக்கிறது, k தட்ட வேண்டிய வலது நடு விரலுக்குப் பதில் இடது நடு விரல். கண்ணாடியில் பார்ப்பதுபோல விரல் சரி, கை மாறிவிட்டது. தொடக்கத்தில் இது சகஜம். ஜோடியாகக் கற்றுக்கொடுப்பதன் பக்க விளைவும்கூட. அவசரமாக அடிக்கும்போது அதிகமாக வரும். வேகத்தைக் குறைத்து, எழுத்தோடு கையையும் சேர்த்துச் சொல்லச் சொன்னால் தெளிந்துவிடும்: "வலது எல், இடது எஸ்."

மூன்றாவது வகை, பக்கத்து விரல் தட்டுவது. dad என்பதற்கு sad, all என்பதற்கு alk. இது நடு விரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் நடப்பது. மோதிர விரலைத் தனியாகத் தூக்கிப் பாருங்கள், பெரியவர்களுக்கே அது அவ்வளவாகத் தூக்கவராது. பக்கத்து விரல்களோடு தசைநார்கள் பிணைந்திருப்பதால் ஒன்று அசைந்தால் மற்றதும் இழுபடும். இந்தக் குழந்தைக்கு S D, K L இரண்டையும் மாற்றி மாற்றி மெதுவாக அடிக்கும் வரிகள் வேண்டும். மேசைமேல் கையை விரித்து வைத்து, மோதிர விரலை மட்டும் தூக்கித் தட்டும் விளையாட்டும் உதவும். வலிக்கும்வரை வேண்டாம்.

நான்காவதை எழுத்துகளில் பார்க்க முடியாது, கையில்தான் பார்க்க வேண்டும். A-யை மோதிர விரலால் தட்டுவது. எழுத்து சரியாக விழும், டியூட்டர் பாராட்டும். ஆனால் மோதிர விரல் A-க்குப் போகும்போது கை முழுவதும் இடப்பக்கம் சாய்ந்து, F-லிருந்து ஆள்காட்டி விலகும். அடுத்து வரும் d-யில் தடுமாற்றம் தெரியும். குழந்தை a-க்குப் பிறகு வரும் எழுத்தில் மட்டும் நின்று நின்று அடித்தால் சுண்டு விரலைப் பாருங்கள், அநேகமாக அது காற்றில்தான் இருக்கும்.

கண் எங்கே

கீபோர்டைப் பார்க்காதே என்று நூறு முறை சொல்வதால் பயன் இல்லை. பார்க்கத் தேவையில்லாமல் செய்வதுதான் வழி. டியூட்டரின் திரையில் தெரியும் கீபோர்டுப் படமும் கைப் படமும் அதற்காகவே உள்ளன. முதல் வாரங்களில் அதை விட்டு வையுங்கள், கண் திரையிலேயே நிற்கும். எட்டு எழுத்தும் வந்த பிறகு அந்தப் படத்தை அணைத்துவிடலாம். விசைகளில் வண்ண ஸ்டிக்கர் ஒட்டுவது எனக்கு உடன்பாடில்லை. அது அழகாக இருக்கும், அதனாலேயே குழந்தை குனிந்து பார்க்கும். கையின் மேல் துணியைப் போர்த்துவதும் முதல் நாட்களில் வேண்டாம். விரல் இடம் மாறியதை நீங்களும் பார்க்க முடியாமல் போய்விடும்.

தமிழ்99 என்ற தமிழ்க் கீபோர்டு அமைப்பைப் பழகப்போகும் குழந்தைக்கும் இந்த விரல் அமைப்பு அப்படியே பொருந்தும். இடது கை A, S, D-யில் அ, இ, உ. F-ல் மெய்யெழுத்துக்கான புள்ளி. வலது கை J, K, L, அரைப்புள்ளி விசைகளில் ப, ம, த, ந. G-யில் எ, H-ல் க. ஆனால் இரண்டையும் ஒரே மாதத்தில் தொடங்காதீர்கள். விரல் ஒரு வரிசையில் உட்கார்ந்த பிறகு அடுத்தது.

மேல்வரிசைக்கு எப்போது

நோட்பேடில் கண்ணை மூடி கீழுள்ள வரியை மூன்று நாள் தொடர்ந்து அடிக்க வேண்டும். மொத்தம் ஒன்றிரண்டு எழுத்துக்கு மேல் தவறு கூடாது, கை நகர்ந்த தவறு ஒன்றுகூடக் கூடாது:

```
glad hall flash half salad flask
```

இதில் g, h இரண்டும் இருப்பது வேண்டுமென்றுதான். ஆள்காட்டி விரல் போய்த் திரும்புகிறதா என்பது இதில் தெரிந்துவிடும். தேறினால் மேல்வரிசையைத் தொடங்கலாம். தொடங்கும்போது ஒன்றை மட்டும் காட்டிவிடுங்கள். கீபோர்டில் மேல்வரிசை நடுவரிசைக்கு நேர்மேலே இல்லை, சற்று இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. அதனால் F-லிருந்து R-க்கும், J-யிலிருந்து U-க்கும், இரண்டு கையுமே இடப்பக்கம் சாய்ந்துதான் மேலே போக வேண்டும். நேராக மேலே போகும் விரல் R-க்கும் T-க்கும் நடுவில் தடுமாறும்.